பாதியும் பத்தில் ஒன்றும்: சமையற் பரீட்சையில் அளவு மாற்றும் கணக்குகள்

(சமையற்காரர் தொழிலுக்கான சான்றிதழ்ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தோட்டத்து இளைஞர் யுவதிகள் மத்தியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் சமைக்கப் போவதில்லை, கணக்குத்தான் பார்க்கப் போகிறோம். வெங்காயம் வெட்டவும், மா பிசையவும், கறி கூட்டவும் நம்ம பிள்ளைகளுக்கு யாரும் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செய்முறைப் பரீட்சையில் நன்றாகவே செய்து விடுகிறார்கள். எழுத்து வினாத்தாளில் "இந்த 375 பாகை பாரன்ஹைட் எத்தனை செல்சியஸ்?", "இந்த 36 அவுன்சு எத்தனை கிராம்?" என்று வந்தால் மட்டும் பேனா நின்று விடுகிறது. எப்படியோ விடை கண்டாலும் ஒரு கணக்குக்கே பத்து நிமிஷம் போய்விடுகிறது.

"நம்ம நாட்டில் எல்லாம் கிலோவும் லீற்றரும்தானே, பிறகு ஏன் இதைக் கேட்கிறாங்க?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஹோட்டல் சமையலறைக்கு வரும் செய்முறைப் புத்தகங்களில் அமெரிக்கப் புத்தகமும் உண்டு, பழைய ஆங்கிலப் புத்தகமும் உண்டு. அமெரிக்கத் தயாரிப்பான போறணையின் குமிழில் பாரன்ஹைட்தான் போட்டிருக்கும். அமெரிக்காவின் மாதிரி உணவு விதிக்கோவையைப் பின்பற்றி நடக்கும் உணவுப் பாதுகாப்புப் பரீட்சைகளிலும் பாரன்ஹைட்தான். உல்லாசக் கப்பலுக்கோ வெளிநாட்டு ஹோட்டலுக்கோ போக நினைக்கிறவர்கள் இதை எப்படியும் சந்திக்க வேண்டும்.

இன்று நாம் சொல்லப் போவது ஒரே ஒரு வழி. இரட்டிப்பாக்குவது, பாதியாக்குவது, பத்தில் ஒரு பங்கு எடுப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் வெப்பநிலையையும் நிறையையும் மனதிலேயே மாற்றலாம். கனவளவுக்கு மட்டும் வேறு ஒரு கவனம் தேவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

வெப்பநிலை

முதலில் மூன்று இடங்களை மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்வோம். தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, பாரன்ஹைட்டில் 32. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு செல்சியஸில் 37, பாரன்ஹைட்டில் 98.6. தண்ணீர் கொதிப்பது செல்சியஸில் 100, பாரன்ஹைட்டில் 212. நடுவில் சொன்னதை யாரும் புதிதாகப் பாடமாக்க வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்களுக்கு "நூறு, நூத்தியொண்ணு" என்று சொல்வது பழக்கந்தான். அது பாரன்ஹைட் கணக்கு.

செல்சியஸைப் பாரன்ஹைட்டாக்க இப்படிச் செய்ய வேண்டும். எண்ணை இரட்டிப்பாக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். பிறகு 32ஐக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

180 பாகை செல்சியஸை எடுப்போம். இரட்டித்தால் 360. அதில் பத்தில் ஒன்று 36. கழித்தால் 324. 32ஐக் கூட்டினால் 356. சமையற் புத்தகங்கள் இதைச் சுருக்கி 350 என்று போடும். இது கிட்டத்தட்டச் சரியான கணக்கு என்று நினைக்க வேண்டாம், முழுக்கச் சரியான கணக்கே இதுதான். பள்ளிக்கூடத்தில் 9ஆல் பெருக்கி 5ஆல் வகுக்கச் சொல்வார்கள். 9ஐ 5ஆல் வகுத்தால் 1.8. இரண்டில் அதன் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் அதே 1.8தான்.

இனி எதிர்ப்பக்கம், பாரன்ஹைட்டைச் செல்சியஸாக்குவது. முதலில் 32ஐக் கழிக்க வேண்டும். மீதியைப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதியோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். பல பேர் இந்த இடத்தில் நிறுத்தி விடுவார்கள். இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. கூட்டிய அந்தப் பத்தில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்று எடுத்து அதையும் கூட்ட வேண்டும்.

ஏன் அந்தச் சின்ன வேலை? கோழி இறைச்சியின் நடுப்பகுதி 165 பாகை பாரன்ஹைட் வரை வேக வேண்டும் என்பது அந்த அமெரிக்க விதி. அதைச் செல்சியஸாக்குவோம். 165இல் 32 போனால் 133. பாதி 66.5. அதன் பத்தில் ஒன்று 6.65. கூட்டினால் 73.15. இங்கே நிறுத்தினால் 73 என்று எழுதி விடுவோம். இன்னும் ஒரு பத்தில் ஒன்று, அதாவது 0.67 கூட்டினால் 73.8. கிட்டிய முழு எண் 74. சரியான விடை 74தான். தெரிவு வினாவில் 73உம் 74உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தக் கடைசித் துளிதான் புள்ளியைத் தீர்மானிக்கும். சமையலறையில் பார்த்தாலும், கோழியின் வேக்காட்டில் குறைவான பக்கத்தில் தவறுவது நல்லதில்லை.

குளிர் அறைக் கணக்கில் ஒரு பொறி உண்டு. உறைய வைக்கும் பெட்டி 0 பாகை பாரன்ஹைட்டில் இருக்கிறது என்று வினாவில் வரும். சிலர் 0 என்றால் 0தானே என்று எழுதி விடுவார்கள். 0இல் 32ஐக் கழித்தால் சய 32. பாதி சய 16. பத்தில் ஒன்று 1.6, அதன் பத்தில் ஒன்று 0.16. எல்லாம் சேர்ந்து சய 17.8, அதாவது சய 18. அவ்வளவு குளிர் அது. செல்சியஸ் 0 என்பது ஐஸ் உருகத் தொடங்கும் இடம். அங்கே இறைச்சியைப் பல நாள் வைக்க முடியாது.

ஏறியதா, இருந்ததா?

இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பிள்ளைகள் அதிகம் புள்ளி இழக்கிற இடம் இதுதான்.

வெப்பமானியில் பார்க்கிற அளவு ஒன்று. எத்தனை பாகை ஏறியது, எத்தனை பாகை இறங்கியது என்பது இன்னொன்று. பார்க்கிற அளவை மாற்றும்போது 32 வேண்டும். ஏற்ற இறக்கத்தை மாற்றும்போது 32 வரவே கூடாது. ஏனென்றால் அந்த 32 இரண்டு அளவுகோல்களும் தொடங்குகிற இடத்துக்கு இடையில் உள்ள வித்தியாசம். கொழுந்தை மட்டத்தோடு நிறுத்தால் சாக்கின் நிறையைக் கழிக்கிறோம். காலையில் 8 கிலோ, பகலில் 15 கிலோ என்று அதே சாக்கு காட்டினால் கூடியது 7 கிலோ. அந்த 7இலிருந்து மறுபடியும் சாக்கைக் கழிப்போமா? மாட்டோம். இதுவும் அதே மாதிரிதான்.

ஒரு வினா பாருங்கள். சமைத்த சூப்பை 135 பாகை பாரன்ஹைட்டிலிருந்து 2 மணித்தியாலத்துக்குள் 70 பாகைக்குக் கொண்டு வர வேண்டும் என்பது அந்த விதிக்கோவையில் உள்ள கட்டளை. தொடங்கியதிலிருந்து 6 மணித்தியாலம் முடிவதற்குள் அது 41 பாகைக்கு வந்துவிட வேண்டும். முதல் 2 மணித்தியாலத்தில் இறங்க வேண்டியது எத்தனை பாகை செல்சியஸ் என்று கேட்கிறார்கள்.

135இலிருந்து 70 போனால் 65 பாகை பாரன்ஹைட். இது இறக்கம், ஆகவே 32ஐத் தொடக் கூடாது. பாதி 32.5. பத்தில் ஒன்று 3.25. அதன் பத்தில் ஒன்று 0.33. மொத்தம் 36. சரிதானா என்று தனித்தனியாக மாற்றியும் பார்ப்போம். 135 பாகை என்பது 57 செல்சியஸ். 70 பாகை என்பது 21 செல்சியஸ். 57இல் 21 போனால் 36. இரண்டும் ஒத்து வந்துவிட்டது. 65இலிருந்து 32ஐக் கழித்துவிட்டு மாற்றியிருந்தால் 18 என்று வந்திருக்கும். வினாத்தாள் தயாரிப்பவர் அந்த 18ஐயும் ஒரு விடையாகக் கட்டாயம் வைத்திருப்பார்.

வினாவில் "குறைக்க", "கூட்ட", "வித்தியாசம்", "இறங்கியது" என்ற சொல் கண்ணில் பட்டால் உடனே அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். 32 வேண்டாம் என்பதற்கு அந்தக் கோடு அடையாளம்.

கொதிக்கிற தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வினாத்தாளில் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் தண்ணீர் 100இல் கொதிக்கும் என்றே எழுத வேண்டும். அது கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்து விடும். பாரன்ஹைட்டில் 201. ஆகவே மலைநாட்டில் இருந்துகொண்டு கொதிநீரில் வெப்பமானியைப் பரிசோதித்து, அது 100 காட்டுகிறது என்று சந்தோஷப்பட்டால் அந்த வெப்பமானி 6 பாகை கூடக் காட்டுகிறது என்றுதான் அர்த்தம். நிறைய நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து அதில் பரிசோதிப்பதே நல்லது. அது கொழும்பிலும் 0தான், நுவரெலியாவிலும் 0தான்.

நிறை: றாத்தலும் கிலோவும்

கடைக்குப் போய் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்கிறோமே, அந்தப் பாணுக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய நிறை 450 கிராம். சரியான றாத்தல் 454 கிராம். ஒரு றாத்தலில் 16 அவுன்சு. ஓர் அவுன்சு 28.35 கிராம். இதற்கு மேல் பாடமாக்க ஒன்றும் இல்லை.

கிலோவை றாத்தலாக்க இரட்டிப்பாக்கி, பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். கொழுந்து 18 கிலோ என்றால் இரட்டித்து 36, பத்தில் ஒன்று 3.6, மொத்தம் 39.6 றாத்தல். 50 கிலோ அரிசி மூட்டை என்றால் 100உம் 10உம் சேர்ந்து 110 றாத்தல்.

றாத்தலைக் கிலோவாக்கப் பாதியாக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 25 றாத்தல் மரக்கறி என்றால் பாதி 12.5, பத்தில் ஒன்று 1.25, மீதி 11.25 கிலோ. சரியான கணக்கு 11.34. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசந்தான். தெரிவு வினாவுக்கு இது போதும். விடையை எழுதிக் காட்டச் சொன்னால் 454ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது ஒரு தங்கச்சி கேட்கலாம்: "வெப்பத்துக்கு இரட்டித்துக் கழிக்கச் சொன்னீங்க, நிறைக்கு இரட்டித்துக் கூட்டச் சொல்றீங்க. பரீட்சையில் மாறிப் போனா என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. பாடமாக்கி வைத்தால் மாறத்தான் செய்யும். தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சோதித்தால் மாறாது. தராசின் ஒரு பக்கம் 1 கிலோ படிக்கல்லை வையுங்கள். மறுபக்கம் இரண்டு றாத்தல் பாணை வையுங்கள். பாண் 900 கிராம்தான் வரும். இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆகவே கூட்ட வேண்டும். வெப்பத்துக்குக் கொதிநீரை எடுங்கள். 100ஐ இரட்டித்து 200, கழித்தால் 180, 32 சேர்த்தால் 212. கொதிநீர் சரியாக வந்துவிட்டது. கழிக்காமல் கூட்டினால் 252 வரும், அப்படி ஒரு கொதிநீர் கிடையாது. வினாத்தாளின் ஓரத்தில் இதைச் செய்து பார்க்க ஒரு நிமிஷமும் ஆகாது.

அவுன்சைக் கிராமாக்கும்போது முதலில் வினாத்தாளின் தலைப்பையும் அடிக்குறிப்பையும் பாருங்கள். "1 அவுன்சு = 28 கிராம்" என்று தந்திருக்கலாம், "30 கிராம்" என்றும் தந்திருக்கலாம். எது தந்திருக்கிறதோ அதைத்தான் பாவிக்க வேண்டும். நமக்கு 28.35 தெரியும் என்பதற்காகத் தந்ததை விட்டுவிட்டு அதைப் போட்டால் விடை பொருந்தாது. ஒன்றும் தராவிட்டால் மட்டும் 28.35.

கனவளவு: யாருடைய கோப்பை?

வெப்பத்துக்கும் நிறைக்கும் உலகம் முழுக்க ஒரே அளவுதான். கனவளவுக்கு அப்படி இல்லை. அமெரிக்காவின் பைந்து வேறு, இங்கிலாந்தின் பைந்து வேறு. அமெரிக்கப் பைந்து 473 மில்லிலீற்றர். ஆங்கிலப் பைந்து 568 மில்லிலீற்றர். இரண்டிலும் 8 பைந்துதான் ஒரு கலன். ஆகவே கலனும் வேறுபடும். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், ஆங்கிலக் கலன் 4.546 லீற்றர். கோப்பையும் அப்படியே. அமெரிக்கச் செய்முறையில் ஒரு கோப்பை ஏறத்தாழ 240 மில்லிலீற்றர், மெற்றிக் கோப்பை 250. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர் என்பது நமக்குப் பழக்கமான அளவு. பரீட்சைக்கு அது போதும்.

ஆகவே கனவளவு வினாவில் கணக்குப் போட முதல் கேட்க வேண்டியது, "இது யாருடைய அளவு?" என்பதைத்தான்.

அடுத்தது அவுன்சு என்ற சொல். திரவ அவுன்சு என்பது கனவளவு, வெறும் அவுன்சு என்பது நிறை. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் ஏமாந்து போவார்கள். பாலுக்கும் தண்ணீருக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போகும். மாவுக்கும் எண்ணெய்க்கும் ஒத்துப் போகாது. 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ. 1 லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான். அதனால்தான் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கிறது. 750 மில்லிலீற்றர் போத்தலில் உள்ள எண்ணெயின் நிறை 690 கிராம் அளவில்தான் இருக்கும். அமெரிக்கக் கோப்பையில் தண்ணீர் 240 கிராம், சீனி 200 கிராம், கோதுமை மா 120 கிராம் அளவு. ஒரே கோப்பைதான், ஆனால் மா தண்ணீரில் பாதி. அதுவும் மாவை அழுத்தி அள்ளினால் கூடிவிடும்.

கோப்பையிலிருந்து கிராமுக்குப் போகச் சொன்னால் அந்தப் பொருளுக்கு உரிய எண் வினாவில் தந்திருக்கிறதா என்று தேடுங்கள். மில்லிலீற்றரை அப்படியே கிராம் என்று எழுதலாம் என்பது தண்ணீருக்கு மட்டுமே முழு உண்மை.

ஒரு முழு வினா

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வினாவைச் செய்து பார்ப்போம். பரீட்சையில் வருகிற மாதிரியே அமைத்திருக்கிறோம்.

"ஓர் அமெரிக்கச் செய்முறையில் 24 பணிஸ் செய்ய 2 றாத்தல் 4 அவுன்சு கோதுமை மா, 1¼ பைந்து பால், 3 தேக்கரண்டி உப்பு தேவை. 375 பாகை பாரன்ஹைட்டில் வேக வைக்க வேண்டும். 60 பணிஸ் செய்யத் தேவையான மாவைக் கிலோவிலும், பாலை லீற்றரிலும், உப்பை மில்லிலீற்றரிலும், போறணையின் சூட்டைச் செல்சியஸிலும் தருக. விசிறி பூட்டிய போறணை என்றால் 20 பாகை செல்சியஸ் குறைக்க வேண்டும். அது பாரன்ஹைட்டில் எத்தனை பாகைக் குறைப்பு?"

முதலில் பெருக்கும் எண். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. எல்லாப் பொருளையும் இரண்டரையால் பெருக்க வேண்டும். சூட்டை மட்டும் பெருக்கக் கூடாது. பணிஸ் கூடினால் தட்டுகள் கூடும், அதற்காகப் போறணையின் சூடு கூடாது. அவசரத்தில் சிலர் அதையும் பெருக்கி விடுகிறார்கள்.

மாவை எடுப்போம். 2 றாத்தல் 4 அவுன்சு என்பதை 2.4 என்று எழுதி விடாதீர்கள். றாத்தலுக்கு 16 அவுன்சு, பத்து அல்ல. ஆகவே எல்லாவற்றையும் அவுன்சாக்குவோம். 32உம் 4உம் 36 அவுன்சு. இரண்டரையால் பெருக்கினால் 90 அவுன்சு. இப்போதுதான் கிராமாக்க வேண்டும். 90ஐ 28.35ஆல் பெருக்கினால் 2,551 கிராம். விடை 2.55 கிலோ. ஓர் அவுன்சு 30 கிராம் என்று வைத்திருந்தால் 2,700 வந்திருக்கும், 150 கிராம் கூட. சின்னதாகச் சுருக்கிய எண்ணையும் பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும். அதனால்தான் முதலில் பெருக்கு, கடைசியில் மாற்று, அதற்குப் பிறகு சுருக்கு என்று சொல்கிறோம்.

விடை சரிதானா என்று பாதிக் கணக்கால் பார்ப்போம். 90 அவுன்சு என்பது ஐந்தரை றாத்தலுக்குக் கொஞ்சம் மேல். ஐந்தரையில் பாதி 2.75, பத்தில் ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 2.48. நம்முடைய விடை 2.55 அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சரி. 25.5 என்றோ 0.255 என்றோ வந்திருந்தால் தசமப் புள்ளி இடம் மாறியது உடனே தெரிந்திருக்கும்.

பாலுக்கு வருவோம். 1¼ பைந்தை இரண்டரையால் பெருக்கினால் 3.125 பைந்து. அமெரிக்கச் செய்முறை என்று வினாவின் முதல் சொல்லிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே 473. பெருக்கினால் 1,478 மில்லிலீற்றர், அதாவது 1.48 லீற்றர். ஆங்கிலப் பைந்தைப் போட்டிருந்தால் 1.78 லீற்றர் வந்திருக்கும். 300 மில்லிலீற்றர் பால் கூட. சமையலறையில் அந்தப் பிழை கையிலேயே தெரியும். மா உருளாது, விரலில் ஒட்டிக்கொண்டே வரும். அப்புறம் மாவைத் தூவித் தூவிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், உப்பும் இனிப்பும் கெட்டுவிடும். வினாத்தாளில் விரலில் ஒட்டாது. சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு 3 தேக்கரண்டி, இரண்டரை மடங்கு ஏழரைத் தேக்கரண்டி. ஒன்று 5 மில்லிலீற்றர் என்றால் 37.5 மில்லிலீற்றர். இதை 37.5 கிராம் என்று எழுதினால் பிழை. மேசை உப்பு ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம் நிறுக்கும், ஆகவே நிறை 45 கிராம் அளவில் வரும். வினாவில் மில்லிலீற்றர் கேட்டார்கள், அதைத் தந்தால் போதும்.

சூடு 375. 32 போனால் 343. பாதி 171.5. பத்தில் ஒன்று 17.15. அதன் பத்தில் ஒன்று 1.7. மொத்தம் 190.4. விடை 190 பாகை செல்சியஸ்.

கடைசிப் பகுதி, 20 பாகைக் குறைப்பு. "குறைக்க" என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருப்பீர்கள். 20ஐ இரட்டித்து 40, பத்தில் ஒன்று 4, கழித்தால் 36. நிறுத்துங்கள். 32ஐக் கூட்டக் கூடாது. விடை 36 பாகை பாரன்ஹைட் குறைப்பு. 68 என்று எழுதினவர்கள் போறணையை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் குறைத்து விடுவார்கள். பணிஸ் மேலே நிறம் பிடிக்காமல் வெளிறிப் போய், உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க

நான்கு கணக்குத் தருகிறோம். முதலில் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. 425 பாகை பாரன்ஹைட் எத்தனை செல்சியஸ்? (விடை: 218. புத்தகங்கள் 220 என்று போடும்.)

2. உணவில் கிருமி பெருகும் ஆபத்தான இடைவெளி 5 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகை வரை என்று வினாவில் தந்திருக்கிறது. அந்த இரண்டு எல்லைகளும் பாரன்ஹைட்டில் எவை? இடைவெளி எத்தனை பாகை பாரன்ஹைட்? (விடை: 41உம் 140உம். இடைவெளி 99 பாகை. 55ஐ இரட்டித்து 110, பத்தில் ஒன்று 11ஐக் கழித்தாலும் அதே 99.)

3. 12 றாத்தல் 8 அவுன்சு மாட்டிறைச்சி எத்தனை கிலோ? (விடை: மனக்கணக்கில் 5.63 கிலோ. 454ஆல் பெருக்கினால் 5.68 கிலோ. 12.8 றாத்தல் என்று எழுதினவர்கள் மறுபடியும் செய்ய வேண்டும்.)

4. 2 கலன் சூப் இருக்கிறது. ஓர் ஆளுக்கு 225 மில்லிலீற்றர். எத்தனை பேருக்குப் போதும்? (விடை: ஆங்கிலக் கலன் என்றால் 40 பேருக்கு, அமெரிக்கக் கலன் என்றால் 33 பேருக்கு. வகுத்து வரும் மீதியை மேலே சுருக்கக் கூடாது. 33.6 வந்தாலும் முழுக் கோப்பை கிடைப்பது 33 பேருக்குத்தான்.)

இந்த நாலாவது கணக்கில் கலனை மாற்றி எடுத்தால் 7 பேர் வெறுங் கோப்பையோடு நிற்பார்கள். கணக்கு முடிந்ததும் "இது யாருடைய அளவு, இது ஏற்ற இறக்கமா, இது நிறையா கனவளவா?" என்று மூன்றையும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். யாருக்காவது ஏதும் விளங்காவிட்டால் இப்போதே கேளுங்கள். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இங்கேதான் இருக்கிறது.